'த்ரீ ஷீட்ஸ் டு தி விண்ட்': பாயா, கயிறா, காற்றாலையா?

தாரகை

ரிச்சர்ட் ஹென்றி டேனா 1840இல் வெளியிட்ட 'டூ இயர்ஸ் பிஃபோர் தி மாஸ்ட்' என்ற கடற்பயண நூலிலிருந்து சில பகுதிகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு ஆள் ஊருக்குள் போனால் 'த்ரீ ஷீட்ஸ் இன் தி விண்ட்' ஆகத்தான் திரும்புவான். நன்றாகக் குடித்திருக்கிறான் என்பது புரிகிறது. 'மூன்று பாயும் காற்றில் பறக்க' என்று எழுதினேன். நண்பர் ஒருவர், ஷீட் என்றால் கப்பல் பாயே இல்லை என்கிறார். எது சரி? ஏன் மூன்று? இப்போது எல்லாரும் 'டு தி விண்ட்' என்கிறார்களே, அவர் ஏன் 'இன்' போட்டிருக்கிறார்?

ஈரோட்டு வாசகன்

எதைப் பற்றியும் கவலைப்படாமல் காற்றில் விட்டுவிடுவது என்றுதான் நான் படித்திருக்கிறேன். எச்சரிக்கையைக் காற்றில் பறக்கவிட்டான் என்று ஆங்கிலத்தில் சொல்வார்களே, அதே மாதிரி. எழுதி வைத்திருந்த மூன்று தாள்களைக் காற்றில் வீசிவிட்டுப் போகிறவனின் படம். 'பொறுப்பை மறந்து' என்று எழுதினால் போதாதா?

பழைய மாலுமி

ஈரோட்டு நண்பரே, நீங்கள் சொல்வது வேறு ஒரு தொடர். இரண்டிலும் காற்று வருவதால் கலந்துவிட்டது. இதில் தாளும் இல்லை, பாயும் இல்லை. தாரகையின் நண்பர் சொன்னது சரி.

பாய்க்கப்பலில் ஷீட் என்பது ஒரு கயிறு. பாயின் கீழ்மூலையில் கட்டியிருக்கும். பாயை மேலே ஏற்றுவது வேறு கயிறு. ஏற்றிய பாய் காற்றைப் பிடித்து நிற்க வேண்டுமானால் அதன் கீழ்மூலையை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஷீட். அதை இறுக்கினால் பாய் கப்பலின் உடல் பக்கம் வரும், தளர்த்தினால் வெளியே போகும். விட்டுவிட்டால் பாய் கொடியைப் போலப் படபடவென்று அடித்துக்கொள்ளும். காற்று எவ்வளவு பலமாக அடித்தாலும் அதில் ஒரு துளி கூடக் கப்பலைத் தள்ளாது.

நான் பயிற்சிக் காலத்தில் மூன்று மரம் கொண்ட ஒரு பாய்க்கப்பலில் சில மாதங்கள் இருந்தேன். அங்கே முதல் வாரத்தில் கற்றுக்கொடுத்ததே, எந்தக் கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதை இருட்டில் கையால் தடவிச் சொல்ல வேண்டும் என்பதுதான். ஷீட்டைத் தவறாக அவிழ்த்தால் என்ன நடக்கும் என்பதை அந்த வயதில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆகவே 'ஷீட் காற்றில் இருக்கிறது' என்றால் கட்டவேண்டிய கயிறு கட்டப்படாமல் காற்றில் ஆடுகிறது என்று பொருள். மூன்று கயிறு அப்படி ஆடினால் கப்பல் தன் வசத்தில் இல்லை.

சொல்வேட்டை

ஐயா, கொஞ்சம் பொறுங்கள். ஷீட் என்றால் துணி என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த பொருள். ஆங்கிலக் கவிதைகளில் பாயையே ஷீட் என்று எழுதியிருப்பதும் உண்டு. பொதுமக்கள் வாயில் உருவான ஒரு தொடரை மாலுமிகளின் நுட்பமான அர்த்தத்தில்தான் எடுக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

இன்னொரு விளக்கமும் இருக்கிறது. பழைய காற்றாலைகளுக்கு நான்கு கைகள். ஒவ்வொரு கையிலும் மரச்சட்டத்தின் மேல் துணி விரிப்பார்கள். நான்கில் மூன்றுக்கு மட்டும் துணி விரித்தால் எடை சமநிலை கெட்டு ஆலை முழுவதும் குலுங்கும், தள்ளாடும். 'மூன்று துணி காற்றில்' என்பது அதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஏன் மூன்று என்ற கேள்விக்கும் அதில் பதில் வந்துவிடுகிறது. கப்பல் விளக்கத்தில் அந்த எண்ணுக்கு விடை இருக்கிறதா?

அலைமேல்

நான் சென்னையில் சின்னப் பாய்ப்படகு ஓட்டுகிறேன், நான்கு வருடமாக. ஷீட் என்பது கயிறு, அதில் சந்தேகமே இல்லை. கையில் நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருப்பதே அதைத்தான். மாலையில் உள்ளங்கை எரியும்.

மூன்று என்ற எண்ணுக்கு எங்கள் படகில் பதில் இருக்கிறது. ஒரு மரம், இரண்டு பாய். பெரிய பாய்க்கு ஒரு ஷீட். முன்பாய்க்கு இரண்டு, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று. மொத்தம் மூன்று. மூன்றையும் விட்டுவிட்டால் படகில் பிடிப்பதற்கு வேறு ஒன்றும் மிச்சம் இல்லை. அதனால்தான் மூன்று என்று நினைக்கிறேன்.

ஆனால் பழைய மாலுமி ஐயா சொன்னதில் ஒரு இடம் எனக்கு இடிக்கிறது. பலத்த காற்றில் படகு கவிழப் போகிறது என்றால் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே 'ஷீட்டை விடு' என்பதுதான். விட்டதும் பாய் அடித்துக்கொள்ளும், சரிந்த படகு நிமிர்ந்துவிடும், அப்படியே நிற்கும். மெல்லக் காற்றோடு பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான். ஓய்வெடுக்க, தண்ணீர் குடிக்க, கயிற்றுச் சிக்கல் எடுக்க எல்லாமே அந்த நிலையில்தான். அது தள்ளாட்டமே இல்லை. ஷீட் எல்லாம் விட்ட படகுதான் இருப்பதிலேயே அடக்கமான படகு. அப்படியென்றால் குடிகாரனுக்கு எப்படி உவமையாகும்?

பழைய மாலுமி

அலைமேல், இது நல்ல கேள்வி. இந்தத் தொடரை விளக்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

உங்கள் அனுபவம் உண்மை. ஆனால் உங்கள் படகில் நீங்கள் வேண்டுமென்று, எல்லா ஷீட்டையும் ஒரே நேரத்தில் விடுகிறீர்கள். கரைக்குப் பக்கத்தில், பெரிய அலை இல்லாத நீரில். டேனா போன்றவர்கள் இருந்த கப்பல் வேறு. அவர் 1834இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்டது 'பில்கிரிம்' என்ற கப்பலில். இரண்டு மரம், ஒவ்வொன்றிலும் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள், ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு சதுரப் பாய். ஒவ்வொரு பாய்க்கும் இரண்டு கீழ்மூலை, மூலைக்கு ஒரு ஷீட். முன்பாய்களையும் சேர்த்தால் ஷீட் மட்டுமே இருபதைத் தொடும். அதில் மூன்று போனாலும் மற்ற பாய்கள் காற்றைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

அங்கேதான் தள்ளாட்டம் வருகிறது. ஓடுகிற கப்பலில் முன்மரத்துப் பாய்கள் கப்பலின் முன்முனையான அணியத்தைக் காற்றை விட்டு விலகத் தள்ளும். பின்மரத்துப் பாய்கள் அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பும். இரண்டும் சமமாக இருக்கும்படி பாயை வைத்தால்தான் கப்பல் நேராகப் போகும், சுக்கான் பிடிப்பவனுக்கு வேலை குறையும். இப்போது முன்மரத்தில் ஒரு மேல்பாயின் ஷீட் அறுந்தது என்று வையுங்கள். அந்த மூலை மேலே எகிறிப் பறக்கும். பாய் முழுவதும் துப்பாக்கி வெடிக்கிற மாதிரி சத்தத்தோடு அடிக்கும். முன்பக்கத் தள்ளல் குறைந்ததால் அணியம் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். சுக்கான்காரன் எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளிப்பான். இரண்டாவது ஷீட் போனால் அவன் போராட வேண்டும். மூன்றாவதும் போனால் சமநிலை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. திருப்பினால் அதிகமாகத் திரும்பும், மீட்டால் மறுபக்கம் ஓடும். தெருவில் ஒரு ஆள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்த் திரும்புவானே, அதே பாதை.

இன்னொன்றும் உண்டு. பாயில் காற்று நிறைந்திருக்கும்போது கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நிற்கும். அந்த அழுத்தமே கப்பலுக்கு ஊன்றுகோல். அழுத்தம் போனதும் அலை வந்தால் இரு பக்கமும் உருளத் தொடங்கும். நடுக்கடலில் காற்று விழுந்து அலை மட்டும் இருக்கிற நாளில் பாய்க்கப்பலில் நின்று பார்த்தால் இது புரியும். புயலை விட அது வயிற்றைக் கலக்கும்.

உங்கள் மூன்று ஷீட் கணக்கு அழகாக இருக்கிறது. ஒற்றை மரப் படகில் அது சரிதான். ஆனால் அதுதான் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பெரியதாழைக்காரன்

வணக்கம். எனக்கு இங்கிலீஷ் சொலவடை தெரியாது. மச்சான் இந்தத் திரியை அனுப்பி, 'உங்க அப்பா வள்ளத்துக் கயித்தைப் பத்திப் பேசுறாங்க' என்றான். வந்து பார்த்தால் உண்மைதான்.

எங்கள் கடற்கரையில் பாயை மேலே ஏற்றுகிற கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையிலிருந்து வருகிற கயிறு தாமான். அப்பா பாய் வைத்து ஓடின காலத்தில் தாமானைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்பாரே தவிர முடிச்சுப் போட்டுக் கட்டவே மாட்டார். திடீர்க் காற்று வந்தால் அந்த நொடியே விட வேண்டும், முடிச்சு அவிழ்க்கிற நேரம் இருக்காது. தங்கச்சி அலைமேல் சொன்ன பாடமும் அதேதான்.

எனக்குப் பத்து வயது இருக்கும். கச்சான் காற்று. தாமானை என் கையில் கொடுத்துவிட்டு அப்பா வலை பார்க்கத் திரும்பினார். நான் விட்டுவிட்டேன். பாய் அடித்த சத்தத்தில் காது அடைத்தது. தாமானின் நுனி சாட்டை மாதிரி சுழன்று என் தோளில் பட்டது, தழும்பு இன்னும் இருக்கிறது. அலை குறுக்கே வந்து வள்ளம் உருண்ட உருளலில் கீழே கிடந்த பறி ஒன்று கடலில் போனது. பாயைப் பிடித்தால்தான் தாமானைப் பிடிக்க முடியும், ஆடுகிற வள்ளத்தில் நின்றால்தான் பாயைப் பிடிக்க முடியும். அதனால் தங்கச்சி, விட்ட பாய் எப்போதும் அடக்கம் கிடையாது. அலையைப் பொறுத்தது.

எங்கள் ஊரில் குடித்தவனுக்கு இப்படி ஒரு சொலவடை இருந்ததாக நான் கேட்டதில்லை. ஆனால் ஐயா சொன்னதும் படம் கண்முன்னே வந்துவிட்டது.

பழைய மாலுமி

அண்ணாச்சி, நீங்கள் தாமான் என்று சொன்னதும் எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. இந்தியப் பெருங்கடலில் ஓடிய கப்பல்களில் லஸ்கர் எனப்பட்ட ஆசிய மாலுமிகள் பேசிய கலப்பு மொழியிலும் ஷீட்டுக்கு 'தாமன்' என்றே பெயர். அது பாரசீகச் சொல். அங்கே தாமன் என்றால் ஆடையின் கீழ் விளிம்பு, முந்தானை மாதிரி. உங்கள் தாமானும் அந்த வழியில் கரைக்கு வந்ததாகத்தான் தெரிகிறது.

ஆங்கிலச் சொல்லின் கதையும் அச்சாக இதுவே. பழைய ஆங்கிலத்தில் 'ஷேயாட்டா' என்று ஒரு சொல். பாயின் கீழ்மூலைக்கு அது பெயர், ஆடையின் மடிப்புக்கும் மடிக்கும் கூட அதுவே. அந்த மூலையில் கட்டிய கயிற்றை மூலைக்கயிறு என்று சொல்லி, பிறகு கயிறு என்ற பகுதி உதிர்ந்து மூலையின் பெயரே கயிற்றுக்கு நின்றுவிட்டது. படுக்கை விரிப்பைக் குறிக்கும் ஷீட் அதன் நெருங்கிய உறவு, ஆனால் அதே சொல் அல்ல. துணியின் ஓரத்துக்கான பெயர் அதைப் பிடிக்கும் கயிற்றுக்குப் போவது இரண்டு தனித்தனிக் கடல்களில் நடந்திருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம்.

சொல்வேட்டை சொல்கிற குழப்பமும் இங்கேதான் பிறக்கிறது. துணி என்ற பொருள் சொல்லின் வேரில் இருக்கிறது. அந்த அளவில் அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு.

சொல்வேட்டை

வேரில் இருப்பதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. ஆனால் என் காற்றாலைக்குப் பதில் வரவில்லை.

தேடிப் பார்த்ததில் ஒன்று கிடைத்தது. இந்தத் தொடர் அச்சில் தெரிகிற மிகப் பழைய இடங்களில் ஒன்று 1821இல் லண்டனில் வெளிவந்த 'ரியல் லைஃப் இன் லண்டன்'. அதில் 'ஓல்டு வாக்ஸ் அண்ட் பிரிசில்ஸ்' த்ரீ ஷீட்ஸ் இன் தி விண்ட் ஆக இருக்கிறான் என்று ஒரு வரி. வாக்ஸ் என்றால் மெழுகு, பிரிசில்ஸ் என்றால் பன்றிமயிர். இரண்டும் செருப்பு தைப்பவரின் நூலுக்கு வேண்டியவை. அதாவது ஆள் மாலுமி இல்லை, செருப்புத் தொழிலாளி! நகரத்துத் தெருப்பேச்சு. கடலில்தான் பிறந்தது என்பதற்கு அப்படி என்ன சாட்சி?

தாரகை

இந்த வரியை நானும் பார்த்தேன். ஆனால் அதற்கு மூன்று வருடம் கழித்து, 1824இல், கேத்தரின் வார்டு என்பவர் எழுதிய 'தி ஃபிஷர்ஸ் டாட்டர்' என்ற நாவல் வந்திருக்கிறது. அதில் ஒருவருக்குக் கோப்பையை நிரப்புகிறார்கள். அவர் ஒரு ஷீட் என்ற நிலையில் இருந்து, கிளம்புவதற்குள் மூன்றுக்குப் போய்விடுவார் போல இருந்தது என்று எழுதியிருக்கிறார். ஒன்று என்றால் லேசான போதை, மூன்று என்றால் முழுப் போதை, இடையில் படிப்படியாக ஏறுகிறது. 1883இல் நூலாக வந்த 'டிரஷர் ஐலண்ட்' கதையிலும் கடற்கொள்ளையன் சில்வர் தன் ஆட்களைப் பற்றிப் பேசும்போது ஒரே ஒரு ஷீட் என்றுதான் சொல்கிறான், 'விண்ட்ஸ் ஐ' என்று முடித்து.

சொல்வேட்டை, இங்கே உங்கள் ஆலை எனக்குப் பொருந்தவில்லை. நான்கு கையில் ஒன்றுக்கு மட்டும் துணி விரித்தால் குலுங்கும். மூன்றுக்கு விரித்தாலும் குலுங்கும். ஆனால் எதிரெதிராக இரண்டுக்கு விரித்தால் சமமாகச் சுற்றும், இல்லையா? அப்படியானால் இரண்டு ஷீட் என்பது நிதானமான ஆளைக் குறிக்க வேண்டும். ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போதை ஏறிக்கொண்டே போகிற கணக்கு ஆலையில் வராது. கயிறு விட்டுப்போகிற கப்பலில் வரும்.

சொல்வேட்டை

இதை நான் யோசிக்கவில்லை. எதிரெதிர் இரண்டு கையில் மட்டும் துணி விரித்து ஆலை ஓட்டுவது பலத்த காற்றில் உண்மையாகவே செய்கிற வேலைதான். காற்றாலையை விட்டுவிடுகிறேன்.

ஆனால் செருப்புத் தொழிலாளியை விட மாட்டேன். மாலுமிகள் தங்களுக்குள் சொன்னதைப் பதிவு செய்த பழைய சாட்சியம் இல்லாமல், நாம் பொருத்தமாக இருக்கிறது என்பதற்காகவே நம்புகிறோம். பொருத்தமாக இருந்ததால்தான் நான் காற்றாலையையும் நம்பினேன்.

பழைய மாலுமி

நியாயமான கேள்வி. என் பதில் இது. 1821இல் அச்சில் வரும்போதே விளக்கம் ஏதும் இல்லாமல் வருகிறது. படிக்கிறவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் பேச்சில் அதற்கு முன்பே புழங்கியிருக்கிறது. அன்றைய லண்டன் உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. நெப்போலியனோடு நடந்த போர் 1815இல் முடிந்ததும் கடற்படையிலிருந்து ஆயிரக்கணக்கான மாலுமிகள் வேலையிழந்து கரைக்கு வந்தார்கள். தேம்ஸ் கரைச் சாராயக்கடையில் மாலுமியும் செருப்புத் தைப்பவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து குடித்தார்கள். மாலுமியின் சொல் பக்கத்து ஆளைப் பற்றிச் சொல்லப்படுவதில் வியப்பில்லை.

இன்னும் முக்கியமானது, அந்தச் சின்னச் சொல் 'இன்'. 1821, 1824, 1840 மூன்றிலும் 'இன் தி விண்ட்' என்றே இருக்கிறது. 'டு' பின்னால் பரவியது. இன் என்றால் கயிறு காற்றுக்குள் இருக்கிறது, யார் கையிலும் இல்லை. படம் தெளிவு. டு என்று மாறிய பிறகு 'காற்றை நோக்கி' என்று பலர் அர்த்தம் தேடத் தொடங்கி, பாயைக் காற்றுக்கு விரித்தான் என்று விளக்குகிறார்கள். பாயைக் காற்றுக்கு விரிப்பது கப்பல் நாள்தோறும் செய்கிற வேலை. அது எப்படிக் குடிகாரனைக் குறிக்கும்? மூன்று பாய் காற்றில் இருக்கிற கப்பல் ஒழுங்காக ஓடுகிற கப்பல். ஷீட் என்பதைக் கயிறு என்று எடுத்தால் மட்டுமே அந்தத் தொடர் ஒரு குறையைச் சொல்கிறது. எனக்கு மிகப் பெரிய சாட்சி இதுதான்.

அலைமேல்

அண்ணாச்சியின் தழும்புக் கதைக்குப் பிறகு என் கேள்வியைப் பாதி திரும்பப் பெறுகிறேன். அலையில்லாத நீரில் ஓட்டிப் பழகியதால் அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். ஷீட் விட்ட படகில் சுக்கானைத் திருப்பினால் ஒன்றுமே ஆகாது. படகு முன்னே ஓடினால்தான் சுக்கானைத் தண்ணீர் தள்ளும், ஓடாவிட்டால் அது வெறும் பலகை. புதிதாகப் படகு ஓட்டுகிறவர்கள் அந்த நேரத்தில் சுக்கானை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், படகு கேட்காது. போதையில் இருப்பவரைப் பார்க்கும்போது எனக்குத் தள்ளாட்டத்தை விட இதுதான் நினைவுக்கு வருகிறது. போக நினைக்கிறார், கால் கேட்பதில்லை.

மூன்று என்ற எண் பற்றி இன்னும் என் கட்சியிலேயே இருக்கிறேன். லண்டன் ஆற்றில் ஒற்றை மரப் படகுகளும் நிறைய ஓடின. இருபது ஷீட் உள்ள கப்பலில் மூன்று ஏன் உச்சமாக வேண்டும்? மொத்தமே மூன்று உள்ள படகில்தான் அது உச்சம்.

பழைய மாலுமி

நான்கு ஷீட் என்றால் மயங்கி விழுந்தவன் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அலைமேல். அதை ஏற்றால் மூன்று உச்சம் இல்லை, உச்சத்துக்கு முந்தைய படி. இன்னும் நிற்கிறான், ஆனால் நேராக நிற்கவில்லை. டேனாவின் ஆளும் தானே நடந்துதான் திரும்பி வருகிறான், யாரும் தூக்கி வரவில்லை. என்னளவில், எத்தனை கயிறு என்பதைக் கப்பலில் எண்ணிப் பார்த்து வந்த எண் அல்ல இது. பேச்சில் 'இரண்டு மூன்று' என்று ஏறுகிற எண். இதில் நாம் ஒத்துப்போக வேண்டியதில்லை.

ஈரோட்டு வாசகன்

நான் சொன்னது தவறு என்று புரிகிறது. ஆனால் தமிழில் எழுதும்போது என்ன செய்வது? கயிறு என்று எழுதினால் என்னைப் போலக் கடலுக்குத் தொலைவில் இருக்கிற ஆளுக்குக் குடி நினைவுக்கு வராது. 'மூன்று கயிறு காற்றில் ஆட' என்று படித்தால் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பேன்.

தாரகை

அந்த வரியை முழுமையாகச் சொல்கிறேன், அப்போது நிலைமை புரியும். இடம் கலிஃபோர்னியாவில் சான் டியகோ கடற்கரை. மாட்டுத்தோல் பதப்படுத்திச் சேமிக்கிற கிடங்குகள். அங்கே இருக்கிற அந்த ஆள் ஒழுக்கம், நிதானம் என்று நிறையப் பேசுவான், இளைஞர்களுக்கும் ஹவாய்த் தீவு வேலையாட்களுக்கும் புத்தி சொல்வான், ஆனால் ஊருக்குள் போனால் 'த்ரீ ஷீட்ஸ் இன் தி விண்ட்' ஆகாமல் திரும்புவது அபூர்வம். நிதானம் என்பதற்கு டேனா போட்டிருக்கிற சொல் 'ஸ்டெடினஸ்'. கப்பல் நேராக, உருளாமல் போவதையும் மாலுமிகள் ஸ்டெடி என்றுதான் சொல்வார்கள். வாயில் நேரான கப்பல், காலில் கயிறு விட்ட கப்பல். வெறுமனே 'மூக்குமுட்டக் குடித்துவிட்டு' என்று எழுதினால் இந்த எதிர்நிலை போய்விடும்.

அண்ணாச்சி, தாமான் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாமா? 'நிதானத்தைப் பற்றி ஓயாமல் பேசுவான். ஆனால் ஊருக்குள் போய்விட்டுக் குடித்துத் திரும்பும்போது தாமான் மூன்றும் விட்டுப்போன கப்பலாகத்தான் வருவான்.' இப்படி?

பெரியதாழைக்காரன்

தாராளமா எடுத்துக்கோங்க. ஒரே ஒரு திருத்தம். 'விட்டுப்போன' என்றால் தானாக அறுந்து போன மாதிரி இருக்கிறது. இவன் தானாகத்தானே போய்க் குடித்தான். 'தாமானை விட்ட' என்று எழுதுங்கள். அப்பா அன்றைக்கு என்னைத் திட்டியதும் அப்படித்தான், 'தாமானை விட்டுட்டியே' என்று. கயிறு அறுந்தால் யாரையும் திட்ட மாட்டார்.

சொல்வேட்டை

அப்படியானால் 'மூன்றும்' என்பதிலுள்ள 'உம்' வேண்டாம். கப்பலில் இருப்பதே மூன்று என்று ஆகிவிடும். பில்கிரிமில் இருபதுக்குப் பக்கம் என்று ஐயாவே சொன்னார். 'மூன்று தாமானை விட்ட கப்பல்' போதும்.

அலைமேல்

'உம்' இருக்கட்டும். என் படகில் மூன்றுதான்.